‘கூடும்’ இருந்த இடத்தில் ‘கூடும்’ இருக்கட்டும்: தொகுதிக்கடன் வெளியிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

தொகுதிக்கடன் வெளியிடும் கம்பனிகளின் பணிப்பாளர் சபைகளுக்கும், அவற்றின் சட்டத்தரணிகளுக்கும், வெளியீட்டு முகாமையாளர்களுக்கும்,

வணக்கம். கிளிநொச்சியில் இருந்து எழுதுகிறேன். பொதுமக்களிடம் வட்டிக்குக் கடன் வாங்க நீங்கள் வெளியிடும் பத்திரம்தான் தொகுதிக்கடன். அதை வாங்க யோசிப்பவர் வாசிப்பதற்காக ஆங்கிலத்தில் தயாராகும் முன்விவரணங்களைத் தமிழாக்குவது நான் செய்யும் வேலைகளில் ஒன்று. அதில் பெரும்பாலான பக்கங்கள் பெரிய சிக்கல் தருவதில்லை. வட்டி வீதம், முதிர்வுத் திகதி, விண்ணப்பம் ஏற்கும் இடங்கள் என்று எண்களும் பெயர்களுமாகப் போய்விடும். இடர்நேர்வுக் காரணிகள் என்ற பகுதிக்கு வந்ததும் கதை மாறுகிறது. நடந்ததை மட்டும் சொல்லிவந்த கம்பனி, அங்கேதான் நடக்கக்கூடியதைப் பற்றிப் பேசத் தொடங்குகிறது. எவ்வளவு உறுதியாகப் பேசுகிறது என்பதுதான் அந்தப் பக்கங்களின் சரக்கே. அதில் ஒரு விகுதி மாறினால் கம்பனி சொல்லாத ஒன்றைச் சொன்னதாகிவிடும்.

அண்மையில் ஒரு நிதிக் கம்பனியின் முன்விவரணத்தில் அப்படி நடந்தது. பெயர் வேண்டாம், இது ஒரு கம்பனியின் பழக்கம் மட்டும் அல்ல. நான் அனுப்பிய தமிழ் அவர்களது அலுவலகத்தில் திருத்தப்பட்டு, அச்சுக்குப் போகும் முன் பார்வைக்குத் திரும்பி வந்தது. ஒரே ஒரு பத்தியை எடுத்துச் சொல்கிறேன். மற்றப் பத்திகளிலும் இதே கதைதான்.

ஆங்கில மூலத்தில் அந்தப் பத்தி ஆறு வசனம். முதலாவது, கம்பனி கொடுத்த கடன்களில் பெரும்பகுதி வட மாகாண விவசாயிகளுக்கான உழவு இயந்திர, அறுவடை இயந்திர லீசிங் என்கிறது. இரண்டாவது, மழை பிழைத்தாலோ வெள்ளம் வந்தாலோ அவர்கள் தவணை கட்டும் வலு குறையக்கூடும், அதனால் கம்பனியின் நிதிநிலை குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்படக்கூடும் என்கிறது. மூன்றாவது, அறவிட முடியாத கடனுக்காக ஒதுக்கிய பணம் போதும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்கிறது. நான்காவது, அப்படியான நிலையில் தொகுதிக்கடனின் வட்டியை உரிய நாளில் செலுத்த முடியாமல் போகக்கூடும் என்கிறது. ஐந்தாவது, கம்பனியை மூடிக் கணக்குத் தீர்க்க நேர்ந்தால், வைப்பாளர்களுக்கும் முன்னுரிமை உள்ள மற்றக் கடன்கொடுத்தோருக்கும் கொடுத்து முடித்த பிறகே தொகுதிக்கடன்காரருக்குப் பணம் என்கிறது. ஆறாவது வசனம் முதிர்வுக்கு முன் கம்பனி கடனைத் திருப்பிக் கொடுத்து முடிப்பதைப் பற்றியது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

திரும்பி வந்த பிரதியில் இரண்டாவது வசனம் ‘கம்பனியின் நிதிநிலையைப் பாதிக்கும்’ என்று இருந்தது. நான்காவது ‘வட்டி செலுத்துவதில் ஒருவேளை சிறிது தாமதம் ஏற்படலாம்’ என்று ஆகியிருந்தது. ஐந்தாவது ‘பிறகே செலுத்தப்படலாம்’ ஆகியிருந்தது. ஒரு பத்திக்குள்ளேயே உறுதியின் அளவில் ஒரு வசனம் மேலே ஏறியிருந்தது, இரண்டு வசனம் கீழே இறங்கியிருந்தன. மூன்றாவதற்கு நடந்தது தனிக்கதை.

முதலில் ஏறியதைப் பார்ப்போம். ‘பாதிக்கப்படக்கூடும்’ நீளமாக இருக்கிறது, ‘பாதிக்கும்’ என்றால் நல்ல தமிழாக இருக்கிறது என்பது திருத்தியவரின் குறிப்பு. ஓசை நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ‘பாதிக்கும்’ என்பது எதிர்காலத்துக்கும் வரும், வழமையாக நடப்பதற்கும் வரும். ‘புகைத்தல் உடல்நலத்தைப் பாதிக்கும்’ என்ற வசனத்தில் சந்தேகத்துக்கு இடம் இல்லை. அதே வினைமுற்றை வெள்ளத்துக்குப் பக்கத்தில் வைத்தால், வெள்ளம் வந்தால் இந்தக் கம்பனி அடிபடுவது உறுதி என்று கம்பனியே கையெழுத்து வைத்ததாகிறது. மூலம் அதைச் சொல்லவில்லை. வெள்ளம் வந்தும் தவணைகள் ஒழுங்காக வரலாம். அந்த இடத்தைத் திறந்து வைப்பதுதான் ‘கூடும்’ என்பதன் வேலை. பெயரெச்சத்திலும் இதே கோளாறு வருகிறது. ‘வருமானத்தைப் பாதிக்கக்கூடிய காரணிகள்’ என்ற தலைப்பு ‘வருமானத்தைப் பாதிக்கும் காரணிகள்’ என்று சுருங்கினால், அதற்குக் கீழே வரும் பட்டியல் முழுவதும் ஒரு படி மேலே ஏறிவிடுகிறது. தலைப்பை யாரும் ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை, அதனால் அது அப்படியே அச்சாகிறது.

‘குறிப்பிடத்தக்க அளவு’ என்பதை ‘பாரதூரமாக’ என்று மாற்றும் பழக்கமும் இதே வகை. ஆங்கிலத்தில் அங்கே இருப்பது மெட்டீரியல் என்ற சட்டச் சொல். முதலீடு செய்வதா வேண்டாமா என்று யோசிப்பவரின் முடிவை மாற்றக்கூடிய அளவு என்பதுதான் அதன் கருத்து. கம்பனி கவிழும் அளவு என்பது அல்ல. ‘பாரதூரம்’ என்றால் வன்னியில் நமக்கு நினைவுக்கு வருவது வேறு.

இறங்கிய வசனங்கள் இதைவிட மோசம். ‘செலுத்த முடியாமல் போகக்கூடும்’ என்பதில் தாமதமும் அடங்கும், முழுதாக வராமல் போவதும் அடங்கும். ‘தாமதம்’ என்று எழுதினால் பாதி இடரை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சப் பாதிக்கு ‘சிறிது’ என்ற ஒட்டு. அதற்கு மேல் ‘ஒருவேளை’. ‘கூடும்’ மட்டும் இருந்தால் நடக்கவும் நடக்காமல் இருக்கவும் சமமாக இடம் விடும். அதன் முன்னால் ‘ஒருவேளை’யைப் போட்டவுடன் வாசிப்பவர் காதில் ‘பெரும்பாலும் நடக்காது, சும்மா சொல்லி வைக்கிறோம்’ என்று விழுகிறது. ஐயச்சொல் இரண்டு சேர்ந்தால் எச்சரிக்கை இரட்டிப்பாகாது, கரைந்துதான் போகும். வானொலியில் ‘மழை பெய்யக்கூடிய சாத்தியம் காணப்படுகிறது’ என்று கேட்டுவிட்டு நெல்லைக் காயவிடும் ஊர் இது.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குழி உண்டு. ஆங்கிலத்தில் ‘மே நொட்’ என்று வருவதைச் சிலர் ‘கூடாது’ என்று தமிழாக்குகிறார்கள். ‘கம்பனி வட்டியைச் செலுத்தக்கூடாது’ என்று ஒரு வரைவில் நானே வாசித்தேன். முடியாமல் போகும் சாத்தியம் அங்கே தடை உத்தரவாகிவிட்டது. இதைப் பார்த்தவுடன் பிடிக்கலாம், அதனால் அதிகம் பயமில்லை. ‘செலுத்த முடியாது’ என்று எழுதுவதுதான் பிடிக்கக் கடினம். இலக்கணம் சரி, வசனம் ஓடுகிறது, கருத்து மட்டும் ‘எங்களிடம் பணம் இல்லை’ என்று ஆகிவிடுகிறது.

ஐந்தாவது வசனத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கிறேன், ஏனென்றால் அதில்தான் உங்கள் ஆட்களும் மொழிபெயர்ப்பாளர்களும் ஒன்றாகச் சறுக்குகிறார்கள். இடர்நேர்வுப் பகுதி முழுக்க ஐயமாகப் பேசும் பகுதி என்று மனதில் பதிந்துவிட்டதால், ஐயம் இல்லாத வசனத்துக்கும் ‘லாம்’ ஒட்டிவிடுகிறோம். அந்த வசனத்தில் இரண்டு பாதி உண்டு. கம்பனியை மூட நேர்வது நிச்சயமில்லை. அது ‘நேர்ந்தால்’ என்பதில் அடங்கிவிட்டது. நேர்ந்துவிட்டால் யார் முன், யார் பின் என்பது ஏற்கெனவே எழுதி முடித்த விடயம். இந்த வெளியீட்டுக்குக் கீழ்நிலைத் தொகுதிக்கடன் என்ற பெயரே அதற்காகத்தான். வைப்பாளர்கள் முன்னுக்கு, மற்றக் கடன்கொடுத்தோர் அடுத்ததாக, கீழ்நிலைத் தொகுதிக்கடன்காரர் அதற்குப் பிறகு, பங்குதாரர் கடைசியில். இந்த வரிசையில் ‘லாம்’ என்பதற்கு வேலையே இல்லை. ‘பிறகே செலுத்தப்படலாம்’ என்று எழுதினால், சிலவேளை முன்னுக்கும் வந்துவிடலாம் என்று ஒரு கதவு திறக்கிறது. அப்படி ஒரு கதவு பத்திரத்தில் கிடையாது. ‘பிறகு, பணம் மிஞ்சியிருந்தால் மட்டுமே செலுத்தப்படும்’ என்று நான் எழுதியிருந்தேன். ‘மிஞ்சியிருந்தால் மட்டுமே’ கடுமையாக இருக்கிறது என்று ஒரு குறிப்பு வந்தது. கடுமை என் நடையில் இல்லை, நிபந்தனையில் இருக்கிறது.

இந்த வரிசை இங்கே ஏன் பெரிய விடயம் என்றால், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ ஓய்வுபெற்ற ஒரு ரீச்சர் தொகுதிக்கடனைப் பார்ப்பது நிலையான வைப்பின் பக்கத்தில் வைத்துத்தான். இரண்டும் ஒரே கம்பனி, ஒரே கருமபீடம், இதற்கு வட்டி கொஞ்சம் கூட. உரிமம் பெற்ற வங்கியிலோ நிதிக் கம்பனியிலோ உள்ள வைப்புக்கு இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபாய் வரை காப்பு உண்டு. தொகுதிக்கடனுக்கு அந்தக் காப்பு இல்லை. அந்த வட்டி எதற்காகக் கூட என்பதற்கான விடை ஐந்தாவது வசனத்தில்தான் இருக்கிறது. அதை மெதுவாக்கினால் விடையை மறைத்ததாகும்.

இனி மூன்றாவது வசனம். ‘ஒதுக்கீடுகள் போதுமானவை எனக் கம்பனி நம்புகிறது’ என்று திரும்பி வந்தது. மூலத்தில் நம்பிக்கை எதுவும் இல்லை. உத்தரவாதம் இல்லை என்ற அறிவிப்பு மட்டும்தான். இது மொழிபெயர்ப்பே அல்ல, புது வசனம். அதனால் நீட்டி வாதாட ஒன்றும் இல்லை, எடுத்துவிடுங்கள் என்று எழுதினேன், எடுத்தார்கள்.

ஆனால் அந்த வசனத்துக்குச் சரியான தமிழ் எது என்பதில் எனக்கே இழுபறி இருந்தது. ‘போதும் என்று உறுதி கூற முடியாது’ என்பது சொல்லுக்குச் சொல் சரி. சிக்கல் எங்கள் பேச்சுவழக்கில் இருக்கிறது. ஒரு அலுவலகத்துக்குப் போய் ‘ஐயா, என்ர அலுவல் இந்த மாதம் முடியுமோ?’ என்று கேட்கிறோம். ‘உறுதியாச் சொல்லேலாது’ என்று பதில் வருகிறது. அதைக் கேட்ட எவரும் மாத முடிவில் திரும்பி வருவதில்லை. அது மரியாதையாகச் சொன்ன ‘முடியாது’ என்று எல்லோருக்கும் தெரியும். அதே சொற்றொடரை ஒதுக்கீட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், ‘போதாது என்று தெரிந்துதான் இப்படிச் சொல்கிறார்கள்’ என்று வாசகர் எடுத்துக்கொள்கிறார். பரந்தனில் எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி அண்ணைக்கு வாசித்துக் காட்டியபோது, “அப்ப காசு காணாது எண்டு சொல்லுறாங்கள்” என்றுதான் சொன்னார். கடைசியில் ‘ஒதுக்கீடுகள் போதுமானதாக இருக்கும் என்பதற்குக் கம்பனி உத்தரவாதம் தரவில்லை’ என்று எழுதினேன். ‘முடியாது’ போய் ‘தரவில்லை’ வந்ததில் ஒரு நூலளவு வேறுபாடு இருக்கிறது, தெரியும். ஆனால் அதே ஆளுக்கு அதை வாசித்தபோது, “கம்பனி பொறுப்பெடுக்கேல்லை, காணுமோ காணாதோ தெரியாது” என்றார். மூலம் சொல்வது அதைத்தான்.

முதலாவது வசனத்தை யாரும் தொடவில்லை. ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுவும் அதற்கு அடுத்ததும் நிற்கும் விதம்தான். 2018 டிசெம்பரில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தன. அதை இந்த ஊர் வாசகருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. ‘வெள்ளம் வந்தால் தவணை கட்டும் வலு குறையக்கூடும்’ என்று அவர் வாசிக்கும்போது முதலில் எழும் கேள்வி, ‘முன்பு வந்தபோது குறைந்ததா?’ என்பது. குறைந்திருந்தால், அது கம்பனிக்குத் தெரிந்தும் இருந்தால், ஆங்கிலத்திலேயே ‘கூடும்’ என்பது தவறான இடத்தில் நிற்கிறது. இது என் சொந்தக் கற்பனை அல்ல. 2019இல் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு பேஸ்புக் கம்பனி மீது வைத்த குற்றச்சாட்டு இதே வகையானது. பயனரின் தரவு தவறாகப் பயன்படுத்தப்படக்கூடும் என்று இடர்நேர்வுப் பகுதியில் எழுதியிருந்தார்கள். அப்படி ஏற்கெனவே நடந்துவிட்டது கம்பனிக்குத் தெரியும் என்பது ஆணைக்குழுவின் வாதம். 10 கோடி டொலர் கட்டி அதைத் தீர்த்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். மூலத்தில் ‘கூடும்’ இருந்தால் நான் ‘குறைந்தது’ என்று எழுத முடியாது, எனக்கு அந்தக் கணக்குகள் தெரியாது. ஆனால் கேட்கலாம். கேட்டு அனுப்பும் குறிப்பு சட்டத்தரணி வரைக்கும் போகவேண்டும். இப்போது அது விளம்பரப் பிரிவில் உள்ள ஒருவரின் மின்னஞ்சலோடு நின்றுவிடுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் வரும் மே, குட், மைட் மூன்றுக்கும் தனித்தனித் தமிழ் தேடிச் சிலர் படிவரிசை ஒன்று கட்டுகிறார்கள்: ‘கூடும்’ பலமானது, ‘லாம்’ நடுத்தரம், ‘ஒருவேளை’ மெல்லியது என்று. முன்விவரணத்தில் அந்த மூன்றுக்கும் அப்படி ஒப்புக்கொண்ட அளவு எதுவும் இல்லை. ஒரே பக்கத்தில் ஓசைக்காகவே மாறி மாறி வரும். காலநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டுக் குழு தன் அறிக்கைகளில் ‘நிகழ வாய்ப்பு அதிகம்’ என்றால் நூற்றுக்கு 66க்குக் குறையாது, ‘மிக அதிகம்’ என்றால் 90க்குக் குறையாது என்று அட்டவணை போட்டுச் சொல்கிறது. முன்விவரணத்தில் அப்படி அட்டவணை இல்லாதபோது தமிழில் நாம் புதிதாக அளவுகோல் செய்வதும் பொய்தான். மூன்றுக்கும் ‘கூடும்’ ஒன்றே போதும். சலிப்பாக இருந்தால் இருக்கட்டும். ‘நிகழ வாய்ப்பு அதிகம்’ என்று மூலமே சொல்லும் இடத்தில் மட்டும் அதைத் தனியாகக் காட்டினால் சரி.

சரிபார்க்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. தமிழை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பி, மூலத்தோடு ஒப்பிடுவது உங்களிடம் உள்ள வழக்கம். சொற்பிழை, எண் பிழை பிடிக்க அது நல்லது. உறுதியின் அளவைப் பிடிக்க அது உதவாது. திருப்பி எழுதுபவர் இந்தத் தொழிலில் இருப்பவர். ‘பாதிக்கும்’ என்று கண்டாலும், முன்விவரணம்தானே என்று கை தானாகவே ‘மே’ போட்டுவிடும். ஒப்பிட்டால் எல்லாம் சரியாகத் தெரியும், தமிழில் பிழை அப்படியே இருக்கும். அதற்குப் பதிலாக, ஆங்கிலம் பார்க்காத, பத்திரிகை வாசிக்கும் பழக்கம் உள்ள ஒருவரிடம் தமிழ்ப் பத்தியை மட்டும் கொடுத்துக் கேளுங்கள்: இதில் ஏற்கெனவே நடந்தது எது? நடந்தாலும் நடக்கலாம் என்பது எது? அது நடந்தால் கட்டாயம் தொடர்ந்து வருவது எது? அவர் சொல்லும் பதிலை ஆங்கிலத்தை எழுதிய சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். இருவரும் ஒத்துப்போகாத வசனம்தான் திருத்தவேண்டிய வசனம். அலுவலகத்தில் திருத்தி எனக்குத் திரும்பி வந்த பிரதியை இந்தக் கேள்விகளோடு தருமபுரத்தில் ஒருவரிடம் கொடுத்தபோது, ஐந்தாவது வசனத்துக்கு “அது அவையின்ர விருப்பம் போல” என்றார். கம்பனி விரும்பினால் முன்னுக்கும் தரும் என்று விளங்கியிருக்கிறார். ‘செலுத்தப்படலாம்’ செய்த வேலை.

‘தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் முரண்பாடு இருந்தால் ஆங்கிலமே மேலோங்கும்’ என்ற வரியைக் காட்டி, இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று உங்களில் ஒருவர் கேட்டார். அந்த வரி கம்பனியைக் காக்கிறது. தமிழை மட்டும் வாசித்துக் கையெழுத்து வைக்கும் ஆளுக்கு அதன் கருத்து, தான் வாசித்ததற்கு மதிப்பில்லை என்பதுதான். குறைந்தது அதைக் கடைசிப் பக்கத்து அடியில் இருந்து எடுத்து, இடர்நேர்வுப் பகுதியின் தலையில் போடுங்கள்.

இப்போது ஆறாவது வசனம். முதிர்வுக்கு முன் கம்பனி தொகுதிக்கடனை ‘மீட்கலாம்’ என்று திரும்பி வந்த பிரதியில் இருக்கிறது. தமிழில் ‘லாம்’ சாத்தியத்துக்கும் வரும், அனுமதிக்கும் வரும். ‘மழை பெய்யலாம்’ ஒன்று, ‘நீங்கள் போகலாம்’ வேறொன்று. ‘குறையலாம்’, ‘பிழைக்கலாம்’ என்று மழையையோ விலையையோ பற்றி எழுதினால் குழப்பம் இல்லை. கம்பனியே எழுவாயாக வரும்போதுதான் இரண்டும் மயங்குகிறது. இங்கே நான் எழுதியது ‘மீட்கும் உரிமை கம்பனிக்கு உண்டு’ என்பது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பணத்தில் தெரியும். சந்தையில் வட்டி இறங்கினால், அதிக வட்டி கொடுக்கும் பழைய கடனைக் கம்பனி முன்கூட்டியே முடித்துவிடும். ஐந்து வருடத்துக்கென்று கணக்குப் போட்டுப் பணம் போட்டவர், குறைந்த வட்டிக்கு வேறிடம் தேடவேண்டும். ‘மீட்கலாம்’ என்று வாசிப்பவர் அதை எப்போதாவது தற்செயலாக நடக்கக்கூடிய ஒன்று என்று எடுப்பார். ‘உரிமை உண்டு’ என்றால், அது கம்பனியின் கையில் இருக்கிறது, தன் கையில் இல்லை என்று விளங்கும்.

ஆனால் மூலத்திலும் அங்கே ஒரு ‘மே’தான் நிற்கிறது. அது கம்பனியின் முழு உரிமையா, தொகுதிக்கடன்காரரின் சம்மதமோ ஒழுங்குபடுத்தும் அதிகாரியின் அனுமதியோ கிடைத்தால் மட்டும் வருமா என்று அந்தப் பத்தியில் இல்லை. வேறு பக்கத்து நிபந்தனைகளில் இருக்கவேண்டும். எனக்கு அனுப்பிய பக்கங்களில் அது இல்லை. கேள்வியை அனுப்பியிருக்கிறேன், பதில் வரவில்லை. சட்டத்தரணி ஒருவர், தொகுதிக்கடனின் நிபந்தனைகள் எழுதப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பு ஆவணத்தைப் பார்த்து எந்த நிபந்தனையின் கீழ், யாருடைய சம்மதத்தோடு என்று ஒரு வரி எழுதினால் போதும், வசனத்தை அன்றைக்கே முடித்துத் தருவேன். அதுவரை ‘மீட்கலாம்’ என்று அச்சுக்குக் கொடுக்கவேண்டாம்.

இப்படிக்கு,
கிளிநொச்சியில் இருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர்